உஷார்! சமாதானத் திட்டத்தில் கையெழுத்துப் போடும் முன் கணக்கைப் பாருங்கள்

வருமான வரி அப்பீல் அஞ்சாறு வருஷமாக நிலுவையில் கிடக்கிறது. அந்த நேரம் பார்த்து அரசு ஒரு சமாதானத் திட்டத்தை அறிவிக்கிறது. வட்டி கிடையாது, அபராதம் கிடையாது, வரியை மட்டும் கட்டினால் கேஸ் முடிந்தது. “கட்டித் தொலைச்சிட்டு நிம்மதியா இருங்க அண்ணாச்சி” என்று ஆலோசகர் சொல்கிறார், வீட்டிலும் அதையே சொல்கிறார்கள். கடைசி வாரம், போர்ட்டல் திணறுகிறது, அவசர அவசரமாக மனு போகிறது.

‘வரியை மட்டும்’ என்கிறார்களே, எந்த வரியை? நீங்கள் நியாயமாகத் தர வேண்டிய வரியை அல்ல. மதிப்பீட்டு அதிகாரி தன் உத்தரவில் எழுதி வைத்த வரியை. அந்த உத்தரவு சரியா தப்பா என்று திட்டத்தில் யாரும் பார்ப்பதில்லை. தப்பான விகிதத்தில் போட்ட வரியாக இருந்தாலும் அதே விகிதத்தில்தான் கட்ட வேண்டும். கட்டிய பிறகு எந்த நீதிமன்றம் என்ன தீர்ப்புச் சொன்னாலும் அந்தப் பணம் திரும்பாது. ‘எந்தச் சூழ்நிலையிலும் திருப்பித் தரப்படாது’ என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது.

நேரடி வரிக்கு இந்த மாதிரித் திட்டம் 1998-ல் வந்தது, 2016-ல் வந்தது, 2020-ல் ‘விவாத் சே விஸ்வாஸ்’ என்ற பெயரில் வந்தது, அதே பெயரில் 2024 அக்டோபர் 1 அன்று மறுபடியும் வந்தது. கடைசியாக வந்ததில் மனுப் போடும் தேதி 2025 ஏப்ரல் 30-உடன் முடிந்துவிட்டது. ‘இதை விட்டால் இன்னொன்று’ என்று நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை வந்து பழகிவிட்டதால், அப்பீலை அப்படியே போட்டுவிட்டு அடுத்ததுக்காகக் காத்திருப்பவர்கள் நிறையப் பேர். சேர்ந்தவர்களுக்கு ஒரு ஆபத்து என்றால் காத்திருப்பவர்களுக்கு வேறொரு ஆபத்து இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் கணக்கு.

விருதுநகரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மாதிரிக் கணக்குதான், ஆனால் இந்த ஜாதகம் ஆயிரக்கணக்கானவர்களுடையது. 2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்தார்கள். அடுத்த சில வாரங்களில் அண்ணாச்சி கடைப் பணத்தைப் பழைய நோட்டாக வங்கியில் கட்டினார். அதில் 10 லட்சத்துக்குச் சொன்ன விளக்கத்தை அதிகாரி ஏற்கவில்லை. 2019 டிசம்பரில், கெடு முடியும் நேரத்தில், ‘கணக்கில் வராத பணம்’ என்று அந்த 10 லட்சத்தையும் வருமானத்தில் சேர்த்து உத்தரவு போட்டுவிட்டார். 2020 ஜனவரியில் அண்ணாச்சி அப்பீல் கமிஷனரிடம் அப்பீல் போட்டார். இன்றுவரை தீர்ப்பு வரவில்லை.

இதற்கு வரி எவ்வளவு? இப்படிச் சேர்க்கும் தொகைக்கு 115பிபிஇ பிரிவில் தனி விகிதம். முன்பு அது 30 சதவீதம். நோட்டு செல்லாமல் போனபின் கொண்டுவந்த திருத்தச் சட்டம் 2016 டிசம்பர் 15 அன்று ஒப்புதல் பெற்றது. அது இந்த விகிதத்தை 60 சதவீதமாக்கி, மேலே 25 சதவீத சர்சார்ஜும் போட்டது. செஸ்ஸும் சேர்ந்தால் 77.25 சதவீதம். 10 லட்சத்துக்கு வரி மட்டும் 7,72,500 ரூபாய். உத்தரவு வந்த தேதி வரை 33 மாதத்துக்கு மாதம் 1 சதவீத வட்டி போட்டதும் டிமாண்ட் 10,27,425 ஆனது. வசூலை நிறுத்தி வைக்க 20 சதவீதம் கட்டச் சொன்னார்கள். ஏறக்குறைய 2.05 லட்சத்தை அண்ணாச்சி கட்டிவிட்டார்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ‘ஸ்டே’ வாங்கியாயிற்று என்றால் வசூலுக்கு வரமாட்டார்கள், அவ்வளவுதான். வட்டி நிற்காது. மீதி 8.22 லட்சத்துக்கு மாதம் 1 சதவீதம், அதாவது 8,200 ரூபாய்க்கு மேல், ஓசையில்லாமல் ஏறிக்கொண்டே இருக்கிறது. அப்பீலை ஐந்து வருஷம் கண்டுகொள்ளாமல் விட்டதற்கு மட்டும் 4.93 லட்சம். முழுக்கத் தோற்றால், அபராதம் 60,000-ஐயும் சேர்த்து, 2025 ஜனவரிக் கணக்கில் சுமார் 15.8 லட்சம் ஆகிறது.

இப்போது 2024 திட்டம் என்ன கேட்டது என்று பாருங்கள். 2020 ஜனவரி 31-க்குப் பிறகு போட்ட அப்பீல் என்றால் தகராறில் உள்ள வரியில் 100 சதவீதம். அந்தத் தேதிக்குள் போட்டு அதே இடத்தில் கிடந்த அப்பீல் என்றால் 110 சதவீதம். 2020 திட்டத்தில் சேராமல் விட்டவர்களுக்கான தண்டனை என்று வைத்துக்கொள்ளலாம். 2025 ஜனவரி 31-க்குப் பின் மனுப் போட்டவர்களுக்கு இரண்டிலும் இன்னும் 10 சதவீதம் கூடியது. நம் அண்ணாச்சியின் அப்பீல் 2020 ஜனவரியில் போட்டது. சில நாள் வித்தியாசத்தில் பழைய பட்டியலில் விழுந்துவிட்டார். ஆக 8,49,750 ரூபாய், தாமதித்திருந்தால் 9,27,000. முன்பு கட்டிய 2.05 லட்சம் இதில் கழியும்.

15.8 லட்சம் எங்கே, 8.5 லட்சம் எங்கே! ஆலோசகர் இந்த இரண்டு எண்ணைத்தான் ஒரு தாளில் எழுதிக் காட்டுவார். பார்த்தால் சேரத்தான் தோன்றும். ஆனால் அந்தத் தாளில் மூன்றாவது எண் ஒன்று இல்லை.

2024 நவம்பரில், திட்டம் திறந்து ஒன்றரை மாதத்தில், ஸ்மைல் மைக்ரோஃபைனான்ஸ் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. 60 சதவீத விகிதம் 2017 ஏப்ரல் 1 முதல் நடந்த பரிவர்த்தனைகளுக்குத்தான் பொருந்தும், அதற்கு முந்தியவற்றுக்குப் பழைய 30 சதவீதமே என்பது அதன் சாரம். நோட்டு மாற்றிய காலத்து டெபாசிட்டுகள் எல்லாம் 2016 நவம்பர், டிசம்பரில் நடந்தவை. அண்ணாச்சி அந்தப் பணத்துக்குக் கணக்கே காட்ட முடியாமல் தோற்றாலும், இந்தத் தீர்ப்புப்படி அவருக்கு வரி 30.9 சதவீதம்தான். 7,72,500 அல்ல, 3,09,000. அதன்மேல் 33 மாத வட்டி, மீதித் தொகைக்கு அறுபது மாத வட்டி, குறைந்த அபராதம் எல்லாம் போட்டாலும் சுமார் 5.6 லட்சத்தில் நிற்கிறது.

சலுகை என்று சொல்லி திட்டம் கேட்டது 8.5 லட்சம். சலுகையே இல்லாமல், பாதி தோற்றால் கட்ட வேண்டியது 5.6 லட்சம். வட்டி முழுக்கத் தள்ளுபடி என்ற பேச்சில் இந்த வித்தியாசம் மறைந்துபோகிறது.

“அதான் ஹைகோர்ட் தீர்ப்பே வந்துடுச்சே, அதைக் காட்டித் திட்டத்துலயே குறைச்சுக் கட்டலாமே” என்று கேட்பீர்கள். முடியாது. ‘தகராறில் உள்ள வரி’ என்றால் அப்பீல் முழுக்க உங்களுக்கு எதிராகத் தீர்ந்தால் எவ்வளவு வருமோ அவ்வளவு. பாதித் தொகை கட்டினால் போதும் என்ற சலுகை இரண்டு இடத்தில்தான். துறையே உங்களுக்கு எதிராக மேலே போயிருக்க வேண்டும். இல்லையென்றால், உங்கள் சொந்த வழக்கில் அதே விஷயத்தில் தீர்ப்பாயமோ உயர் நீதிமன்றமோ உங்களுக்குச் சாதகமாகச் சொல்லியிருக்க வேண்டும். அடுத்தவர் வழக்கில் வந்த தீர்ப்பு எத்தனை பொருத்தமாக இருந்தாலும் திட்டத்தின் கால்குலேட்டருக்கு அது கண்ணில் படாது. அப்பீலில்தான் அதற்கு மதிப்பு.

2020 திட்டத்திலேயே சேர்ந்து 10 லட்சத்துக்கு 7,72,500 கட்டி முடித்தவர்களை நினைத்துப் பாருங்கள். நாலு வருஷம் கழித்து விகிதமே தப்பு என்று தீர்ப்பு வந்தபோது அவர்களுக்குக் கதவு மூடியிருந்தது.

இதைப் படித்துவிட்டு ‘அப்போ திட்டமே மோசடி, சேரவே கூடாது’ என்று கிளம்பிவிடாதீர்கள். அதுவும் ஆபத்து. அந்தத் தீர்ப்பு கடைசி வார்த்தை அல்ல, மேலே போனால் உச்ச நீதிமன்றம் மாற்றலாம். இதே கேள்வியில் கேரள உயர் நீதிமன்றம் முன்பே 60 சதவீதம்தான் என்று சொல்லியிருக்கிறது. ஆகவே செங்கோட்டைக் கடைக்காரரும் மலைக்கு அந்தப் பக்கம் புனலூர்க் கடைக்காரரும் ஒரே தொகையை ஒரே நாளில் வங்கியில் கட்டி, ஒரே மாதிரி உத்தரவு வாங்கியிருந்தாலும், இருவரும் ஒரே முடிவை எடுக்க முடியாது. சென்னைத் தீர்ப்பு தமிழ்நாட்டு வழக்குகளுக்குத்தான் கட்டளை மாதிரி. புனலூர்க்காரர் கையில் நல்ல ஆதாரம் இல்லையென்றால் திட்டத்தில் சேருவதுதான் அவருக்கு லாபம். வாட்ஸ்அப்பில் வரும் ‘எல்லாரும் சேர்ந்துடுங்க’, ‘யாரும் சேராதீங்க’ இரண்டையுமே குப்பையில் போடச் சொல்வது இதனால்தான்.

செங்கோட்டைக்காரரும் தன் கையில் என்ன இருக்கிறது என்று நேர்மையாகப் பார்க்க வேண்டும். நோட்டு செல்லாத கால வழக்குகளில் என் அனுபவத்தில் எல்லாவற்றையும்விடக் கனமான காகிதம் வாட் ரிட்டர்ன். ‘அது கடை விற்பனைப் பணம்’ என்று எல்லோரும்தான் சொல்கிறார்கள். அக்டோபர் மாத விற்பனையை அடுத்த மாதம் வாட் ரிட்டர்னில் அப்படியே காட்டியிருக்கிறாரா, பிறகு திருத்தவில்லையா, ஸ்டாக் ரிஜிஸ்டரில் அந்தச் சரக்கு குறைந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. மூன்றும் ஒத்துப்போனால், விற்பனை என்று வரி கட்டிய பணத்துக்கே மறுபடி வரி போடுகிறார்கள் என்று வாதாடலாம். அப்போது முழுக்க ஜெயித்து, கட்டிய 2.05 லட்சமும் வட்டியோடு திரும்ப வர வழி இருக்கிறது. மாறாக, அக்டோபர் விற்பனையை நோட்டு செல்லாமல் போனபின் ரிட்டர்னைத் திருத்தி ஏற்றியிருந்தால் கேஸ் ஆடிப்போகும். முந்தைய வருஷம் அதே மாதத்தில் 4 லட்சமாக இருந்த ரொக்க விற்பனை அந்த வருஷம் திடீரென்று 14 லட்சமாகியிருந்தாலும் கதை அதுதான். அதிகாரி முதலில் போடும் பட்டியலே அந்த இரண்டு வருஷ ஒப்பீடுதான்.

ஆதாரம் இல்லாத ஆளுக்குத் தமிழ்நாட்டிலும் கணக்கு இழுபறிதான். விகித வாதம் ஒன்றை மட்டும் நம்பிப் போராடுவது என்றால், அது ஜெயிக்க ஏறக்குறைய நாலில் மூன்று பங்கு வாய்ப்பாவது இருந்தால்தான் திட்டத்தைவிட அப்பீல் லாபம். அதற்குக் குறைவு என்று உங்கள் வக்கீல் மனதாரச் சொன்னால் சேர்வதில் தப்பில்லை. வயதானவர், கடையை மகனிடம் விட்டுவிட்டுப் போக நினைப்பவர் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது முடிப்பதையும் நான் குறை சொல்லமாட்டேன். தெரிந்தே கொடுத்தால் சரி.

போராடுவது என்று முடிவெடுத்தால் உடனே பார்க்க வேண்டியது, 2020-ல் போட்ட அப்பீல் காகிதம். அதில் விகிதத்தைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா? பெரும்பாலான அப்பீல்களில் இருக்காது. ‘பணம் விற்பனையில் வந்தது’ என்ற வாதம் மட்டும் இருக்கும், ஏனென்றால் அன்றைக்கு அந்தத் தீர்ப்பு இல்லை. இல்லையென்றால் கூடுதல் அப்பீல் காரணமாக இப்போது சேர்க்கலாம். கமிஷனர் முன்பும் முடியும், தீர்ப்பாயத்திலும் முடியும். சேர்க்காமல் விட்டுவிட்டு, தீர்ப்பு தானாக வந்து காப்பாற்றும் என்று இருக்கக் கூடாது.

கூடவே, ஏறும் வட்டியை நிறுத்தவும் ஒரு வழி உண்டு. எப்படியும் கட்ட வேண்டிவரும் என்று உங்களுக்கே தோன்றும் தொகையை இப்போதே கட்டிவிடலாம். அப்பீல் உரிமை போகாது. அந்தத் தொகைக்கு அதற்குமேல் வட்டி ஏறாது. ஜெயித்தால் மாதம் அரை சதவீத வட்டியோடு திரும்ப வரும்.

ஒரே வருஷ உத்தரவில் மூன்று நாலு விஷயம் சேர்ந்து கிடப்பவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. அண்ணாச்சியின் உத்தரவில் ரொக்க டெபாசிட்டோடு, டிடிஎஸ் பிடிக்காத வாடகைச் செலவு மறுப்பும் இருக்கிறது என்று வையுங்கள். இரண்டாவது தோற்கிற வாதம், முதலாவது ஜெயிக்கிற வாதம். தோற்பதை மட்டும் திட்டத்தில் முடித்துக்கொண்டு மற்றதை அப்பீலில் நடத்தலாமே என்று தோன்றும். விடமாட்டார்கள். அந்த அப்பீல் முழுசாக உள்ளே போக வேண்டும். ஒரு பலவீனமான விஷயத்துக்குப் பயந்து பலமான விஷயத்தையும் சேர்த்து அடமானம் வைத்தவர்கள் உண்டு.

சேர்ந்தால் தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடுமோ, அடுத்த வருஷக் கேஸில் அதைக் காட்டி அடிப்பார்களோ என்ற பயம் மட்டும் வேண்டாம். திட்டத்தில் சேர்ந்ததைச் சொல்லி நீங்களோ துறையோ வாதாடக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. சோதனை நடத்திப் போட்ட உத்தரவு, அந்த வருஷத்துக்கு ஏற்கெனவே கோர்ட்டில் கிரிமினல் வழக்குத் தொடுத்தது, இவற்றுக்கெல்லாம் திட்டத்தில் இடமே இல்லை என்பதையும் மனுப் போடும் முன் தெரிந்துகொள்ளுங்கள்.

இனி, அடுத்த திட்டத்துக்காகக் காத்திருப்பவர்கள். திட்டத்தில் சேர அப்பீல் ஒரு குறிப்பிட்ட நாளில் உயிரோடு இருக்க வேண்டும். கடைசித் திட்டத்துக்கு அந்த நாள் 2024 ஜூலை 22. அந்த நாள் அறிவிப்பு வரும்போதுதான் தெரியும், பெரும்பாலும் அது அறிவிப்புக்கு முந்தின நாளாகவே இருக்கும். இதற்கிடையே முகமில்லா அப்பீல் முறையில் நோட்டீஸ் எல்லாம் மின்னஞ்சலுக்கும் போர்ட்டலுக்கும்தான் வருகிறது. 2020-ல் அப்பீல் போட்டுக் கொடுத்தவர் தன் மின்னஞ்சலையே பதிவில் கொடுத்திருப்பார். அவர் இப்போது வேறு ஊரில் இருப்பார், அல்லது உங்கள் கேஸையே மறந்திருப்பார். நோட்டீஸ் இரண்டு, மூன்று, நாலு என்று போகும். பதில் வராவிட்டால் இருக்கிற காகிதத்தை வைத்து ‘அப்பீல் தள்ளுபடி’ என்று ஒரு உத்தரவு வரும், அதுவும் அதே மின்னஞ்சலுக்கு. தீர்ப்பாயத்துக்குப் போகும் கெடுவும் ஓடிவிடும். பிறகு திட்டம் அறிவிக்கும் நாளில் உங்களுக்கு நிலுவையில் அப்பீலே இருக்காது. சேரவும் முடியாது, போராடவும் முடியாது. இந்த வாரமே போர்ட்டலில் நுழைந்து e-Proceedings பக்கத்தைப் பாருங்கள். பதிவில் இருக்கும் மின்னஞ்சலும் போன் நம்பரும் உங்களுடையதா என்றும் பாருங்கள். ஆலோசகரிடம் கேட்டால் ‘ஒண்ணும் வரலை’ என்றுதான் சொல்வார். நீங்களே பாருங்கள்.

ஒருவேளை அடுத்த முறை சேருவதே உங்கள் கணக்குக்கு ஒத்துவந்தால், பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு மனுப் போடுங்கள். கடைசித் திட்டத்தில் நடைமுறை இப்படி: படிவம் 1-ல் மனு, 15 நாளுக்குள் படிவம் 2-ல் கட்ட வேண்டிய தொகைக்குச் சான்று, அந்தச் சான்று வந்த 15 நாளுக்குள் முழுப் பணம். தவணை கிடையாது. நிலத்தை விற்றுக் கட்டிவிடலாம் என்று மனுப் போட்டு, பத்திரப் பதிவு தள்ளிப்போனால் கெடு தப்பும். நிபந்தனை மீறினால் மனுவே போடாத மாதிரி ஆகி, பழைய கேஸும் பழைய வட்டியும் உயிர்பெறும். சான்றில் போட்டிருக்கும் தொகையை உங்கள் தாளோடு ஒப்பிடுங்கள். முன்பு கட்டிய 20 சதவீதம் கழிந்திருக்கிறதா, 100 சதவீதத்துக்குப் பதில் 110 போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். தப்பு இருந்தால் பணம் கட்டும் முன்பே எழுதிக் கேளுங்கள். உயர் நீதிமன்றத்தில் கேஸ் இருந்தால் அதை நீங்கள்தான் வாபஸ் வாங்கி, அந்த ஆதாரத்தைப் பணம் கட்டிய தகவலோடு படிவம் 3-ல் இணைக்க வேண்டும். கமிஷனர், தீர்ப்பாய அப்பீல்கள் சான்று வந்ததுமே வாபஸ் ஆனதாகக் கொள்ளப்படும்.

கடைசியில் வருவது படிவம் 4, முழுத் தீர்வுக்கான உத்தரவு. அது கைக்கு வந்த பிறகும் போர்ட்டலில் Response to Outstanding Demand பக்கத்தைத் திறந்து, அந்த வருஷத்து டிமாண்ட் பூஜ்யமாகியிருக்கிறதா என்று பாருங்கள். படிவம் 4 ஒரு மேஜையில் இருக்கும், டிமாண்ட் இன்னொரு கணினியில் அப்படியே நிற்கும். நீக்காமல் விட்டால் அடுத்த வருஷம் வர வேண்டிய ரீஃபண்டை அந்தப் பழைய பாக்கிக்கு என்று பிடித்துக்கொள்வார்கள். பிடிக்கும் முன் வரும் நோட்டீஸுக்குப் படிவம் 4-ஐ இணைத்து உடனே பதில் போடுங்கள்.